தொண்ணூற்றாறு சதவீதம் பேர் வாக்களித்த கதை

ஒரு பெண்ணிடம் அவளுக்கு ஓட்டு இல்லை என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான். ஓட்டு இருந்தது, எனக்கும் அது தெரியும். தெரிந்தே சொன்னேன். அதையும் ஜனநாயகத்தின் பெயரால், மேஜை மீது வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன். எழுபது வயதுக்குப் பிறகு பொய் சொல்ல ஞாபகசக்தி போதவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. பொன்னேரியில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் பழவேற்காடு ஏரிக்கரை. ஓய்வு நேரத்தில் ஒரு சிறிய கட்சியின் வட்டாரச் செயலாளர். (எவ்வளவு சிறியது என்றால், வட்டாரச் செயலாளர் கூட்டம் போட்டால் வட்டாரச் செயலாளர்தான் பாய் விரிக்க வேண்டும்.) ஒன்றியக் கவுன்சிலர் தேர்தல் வந்தது. ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கு உண்டு. சின்னம் இருக்கிற இடத்தில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சி முடிவு செய்யும். கட்சி என்றால் சென்னையில் ஓர் அறை. அறை என்றால் அதில் உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

வழக்கமான முறை எல்லாக் கட்சியிலும் ஒன்றுதான். விருப்ப மனு கொடுக்க வேண்டும். நேர்காணலுக்குப் போக வேண்டும். உள்ளே நான்கு பேர் உட்கார்ந்து "உங்க சமூகம் வார்டுல எத்தினி பேர்?" என்று கேட்பார்கள். வெளியே வந்து ஒரு வாரம் காத்திருந்தால் பட்டியல் வரும். பட்டியலில் நேர்காணலுக்கே வராத ஒருவரின் பெயர் இருக்கும்.

எங்கள் ஊருக்கு இது புதிதில்லை. முந்நூறு நானூறு வருஷம் முன்பு இங்கே கோட்டை கட்டி இருந்த ஒல்லாந்தருக்கும் ஆளுநர் இப்படித்தான் வந்தார். கடலுக்கு அப்பால், ஜாவாவில் அவர்களுடைய தலைமையகமான பத்தாவியாவில் யாரோ பெயர் எழுதுவார்கள், கப்பல் வரும், கப்பலிலிருந்து ஒருவர் இறங்குவார், கரையில் நிற்பவர்கள் தொப்பியைக் கழற்ற வேண்டியதுதான்.

நான் இதை மாற்ற நினைத்தேன். அமெரிக்காவில் சில மாகாணங்களில் வேட்பாளரையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வகுப்பில் வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி எனக்கே அதில் மயக்கம் வந்திருந்தது. கட்சி உறுப்பினர் மட்டும் போட்டால் அது மூடிய தேர்வு. வார்டில் யார் வேண்டுமானாலும் போடலாம் என்றால் திறந்த தேர்வு. நான் திறந்ததைக் கேட்டுப் பதினான்கு பக்க மனு எழுதித் தலைமைக்கு அனுப்பினேன். மூடியதைக் கேட்டிருந்தால் ஓட்டுப் போட எங்கள் வார்டில் ஏழு பேர்தான் இருந்தார்கள் என்பதும் ஒரு காரணம்.

மாவட்டச் செயலாளர் மனுவைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார்.

"இன்னா வாத்யாரே, அடுத்த கட்சிக்காரன் வந்து நம்ம ஆள்ல சோப்ளாங்கி எவனோ அவனுக்குக் குத்திட்டுப் போய்ட்டா இன்னா பண்ணுவ?"

நல்ல கேள்வி. திறந்த தேர்வின் பெரிய ஆபத்தே அதுதான். "அதுக்கு வழி யோசிச்சிருக்கேன்" என்றேன். யோசித்திருக்கவில்லை.

தலைமை சம்மதித்தது. அந்த வார்டில் நாங்கள் ஜெயித்ததே இல்லை என்பதால் கெடுவதற்கு எதுவும் இல்லை என்று நினைத்திருப்பார்கள். அதையும் என்னால் கெடுக்க முடியும் என்று எனக்கும் அப்போது தெரியாது.

மூன்று பேர் போட்டிக்கு வந்தார்கள். வடக்குக் குப்பத்து வேலாயுதம். தெற்குக் குப்பத்து ஜெகதீசன். இருவரும் வலை போடுகிற குடும்பம். மூன்றாவது காசியம்மா. அவளுடைய ஆட்களுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி, இறாலும் நண்டும் பிடித்துப் பல்லில் கடித்த ஓலைப் பையில் போடுவார்கள். அறுபது எழுபது குடும்பம்.

அவள் நின்றது ஒரே ஒரு விஷயத்துக்காக. அவர்கள் குடிசையிலிருந்து ஏரிக்குப் போகிற ஒற்றையடிப் பாதையை மறித்து ஓர் இறால் பண்ணைக்காரர் வேலிக் கல் நட ஆரம்பித்திருந்தார். பாதை போனால் அவர்கள் மூன்று மைல் சுற்ற வேண்டும். தண்ணீர் வடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. சேராவிட்டால் அன்றைக்கு உலை இல்லை. "ஒன்றியத்துல பாதைன்னு எழுதி வச்சிட்டா எவனும் கல்லு நட முடியாதுல்ல வாத்யாரே? அதுக்கு நம்ம ஆளு ஒருத்தர் உள்ள குந்தணும்" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். அதாவது முதலில் அவளுக்கு ஆசை காட்டியதும் நான்தான்.

அடுத்து, யார் யார் ஓட்டுப் போடலாம் என்ற பட்டியல் வேண்டும். வார்டின் வாக்காளர் பட்டியலில் மூவாயிரத்துச் சொச்சம் பேர். உள்ளே இருக்கிற நெல் விவசாய ஊர்களும் அதில் சேர்த்தி. ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்கி நகல் எடுக்க வேண்டும், செத்தவர்களை நீக்க வேண்டும், நான்கு ஊரில் மேஜை போட வேண்டும். நான் மலைத்து நின்றபோது இரண்டு குப்பத்துப் பெரியவர்களும் ஓர் உதவி செய்தார்கள். அவர்களிடம் பாடு பட்டியல் இருந்தது.

பாடு என்றால் ஏரியில் வலை போடுகிற முறை. நல்ல இடம் கொஞ்சம், ஆட்கள் அதிகம் என்பதால், எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறையில் பங்குள்ள கல்யாணமான ஆண்களின் பெயர்ப் பட்டியல் அது. அழகான கையெழுத்து. செத்தவர் ஒருவர்கூட இல்லை. (உயிரோடிருக்கிறவர் செத்தவர் பெயரில் வலை போட்டால் எதிர்க்குப்பம் விடுமா?) ஒவ்வொரு குப்பத்துக்கும் எழுபது தலை, மொத்தம் நூற்று நாற்பது.

"இதுல இருக்கவன் எவனும் வெளியாளு இல்ல" என்றார் ஒரு பெரியவர். "நீ பயந்த மாரி அடுத்த கட்சிக்காரன் வந்து பூர முடியாது."

"வலைக்காரங்க அல்லாதவங்க?"

"அவுங்களும் வந்தா நாங்க வரல. பாட்டுல பங்கு இல்லாதவன் எங்களுக்கு ஆளு பொறுக்கறதா?"

அங்கேதான் நான் தவறினேன். நூற்று நாற்பது பேர் திரண்டு வரும் காட்சி என் கண்முன் வந்தது. சென்னைக்கு நான் எழுதப்போகிற அறிக்கையின் முதல் வாக்கியம்கூட வந்துவிட்டது. இந்தப் பட்டியலில் ஒரு பெண் இல்லை, ஒரு நெல் விவசாயி இல்லை, காசியம்மாவின் ஆட்கள் ஒருவர் இல்லை என்று தெரிந்தே, "சரி" என்றேன். ஊரெல்லாம் திறந்த தேர்வு என்று தண்டோரா போட்டிருந்ததை மாற்றவும் இல்லை.

தேர்வு நாள் ஒரு மார்கழிக் காலை. ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் மேஜை. மூன்று பானைகள்: துடுப்புப் படம் வேலாயுதத்துக்கு, மிதவைப் படம் ஜெகதீசனுக்கு, நண்டுப் படம் காசியம்மாவுக்கு. பனி விலகவே இல்லை. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எல்லாம் ஒரே பால் நிறம். தூரத்தில் பூநாரைகள் தரையில் நிற்கின்றனவா காற்றில் நிற்கின்றனவா என்றே சொல்ல முடியவில்லை. அதற்குள்ளிருந்து வலைக்காரர்கள் ஒவ்வொருவராக உருவம் பெற்று வந்து, ஓட்டுப் போட்டு, மறுபடியும் பனியில் கரைந்தார்கள்.

நடுப்பகலுக்கு முன்பே முக்கால்வாசிப் பேர் போட்டுவிட்டார்கள். வெயில் லேசாக உறைக்க, நான் நாற்காலியில் கண்ணயர்ந்தேன். கனவில் கல்லறைத் தோட்டத்தின் கதவு திறந்தது. வாசல் கல்லில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகள் இறங்கி ஒழுங்காக வரிசையில் நின்றன. அவற்றின் பின்னால் தொப்பியும் சரிகை அங்கியுமாக ஒல்லாந்து வியாபாரிகள், அவர்களுடைய மனைவிமார். ஒரு ஆளுநர் அரக்கு முத்திரை வைத்த கடிதத்தை என்னிடம் நீட்டி, "வேட்பாளர் நான்தான், பத்தாவியாவிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள்" என்றார். நான் எழுந்து தொப்பியைக் கழற்றப் போனேன். என்னிடம் தொப்பி இல்லை. அவருடைய மனைவி குனிந்து, நல்ல வடசென்னைத் தமிழில், "எம் பேரு இருக்குதா பாரு, வாத்யாரே" என்றாள்.

கண் விழித்தேன். எதிரே காசியம்மா. புடவை முழங்கால் வரை ஈரம். பின்னால் அவளுடைய ஆட்கள், பெண்களும் ஆண்களுமாக நூறு பேருக்கு மேல். ஏரியிலிருந்து நேரே வந்திருந்தார்கள். பைகள்கூடக் கழுத்தில் தொங்கின. ஒரு வேளைப் பிடியை விட்டுவிட்டு வந்தவர்கள்.

"எம் பேரு இருக்குதா பாரு, வாத்யாரே."

நான் பட்டியலைப் புரட்டினேன். இல்லாத பெயரை ஐந்து நிமிஷம் தேடினேன். ஒரு விரலால் வரி வரியாக.

"இல்லியேம்மா."

"அப்போ இவுங்க பேரு?"

"இவங்க பேரும் இல்ல."

"எனக்கு நிக்கிறதுக்கு உரிமை கீது, குத்தறதுக்கு இல்லியா? இன்னா நைனா இது?"

பின்னால் மரத்தடியில் குப்பத்துப் பெரியவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்: "சட்டப்படி உங்களுக்கு இதுல ஓட்டு இல்லம்மா." எந்தச் சட்டமும் இல்லை. விதி எழுதியவன் நான். அந்த விதியில் 'வார்டு வாக்காளர் எவரும்' என்று என் கையெழுத்தில்தான் இருந்தது, என் சட்டைப்பையில்தான் இருந்தது.

சட்டம் என்றதும் அவர்கள் திரும்பி நடந்தார்கள். சட்டம் என்று சொல்லியே அவர்களை எல்லாரும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்; பழக்கம். காசியம்மா மட்டும் நண்டுப் பானையை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மாலையில் எண்ணினோம். நூற்று நாற்பதில் நூற்று முப்பத்து நான்கு பேர் வாக்களித்திருந்தார்கள். தொண்ணூற்றாறு சதவீதம்! நான் துள்ளினேன். (மூவாயிரம் பேரில் நூற்று முப்பத்து நான்கு எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட மனம் வரவில்லை.) துடுப்புக்கு அறுபத்தாறு, மிதவைக்கு அறுபத்தாறு, நண்டுக்கு இரண்டு.

மூன்று பானையையும் மறுபடி எண்ணினேன்; அதே கணக்கு. பிறகுதான் புரிந்தது. பாடு பட்டியலில் எந்தக் குப்பமும் மற்றக் குப்பத்தை மிஞ்சக் கூடாது என்று பரம்பரையாகப் பார்த்துப் பார்த்துச் சமமாக வைத்திருக்கிறார்கள். முதல்நாளே இரண்டு குப்பமும் தனித்தனியாகக் கூடி, யாருக்குப் போடுவது என்று முடிவு செய்துவிட்டன. சமமாகவே வரும்படி அமைந்த பட்டியலை எடுத்து, யார் பெரியவர் என்று கேட்ட ஒரே அரசியல் ஆசிரியன் நான்தான்.

பெரியவர்கள் கொஞ்சமும் கலங்கவில்லை. "இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போடற? சீட்டுப் போடு" என்றார்கள். சீட்டுக் குலுக்கினார்கள்; வேலாயுதம் பெயர் வந்தது. அதோடு நிற்கவில்லை. பாடு முறையில் ஒருவர் வலை போட்ட இடத்தில் அடுத்த முறை அடுத்தவர் போட வேண்டுமே? ஐந்து வருஷப் பதவியில் முதல் இரண்டரை வருஷம் வேலாயுதம், பின் இரண்டரை வருஷம் ஜெகதீசன் என்று முடிவானது. கவுன்சிலர் பதவி மீன் வளமுள்ள ஓர் இடம். முறை வைத்து வலை போட்டுக்கொள்வார்கள்.

"அப்படியெல்லாம் சட்டத்துல இடமில்ல" என்றேன் பலவீனமாக.

"காலீல இருந்து உன் சட்டத்ததான் பாக்கறமே" என்றார் ஜெகதீசன்.

அறிக்கையைச் சென்னைக்கு அனுப்பினேன். தொண்ணூற்றாறைத் தடித்த எழுத்தில் எழுதி, சீட்டைச் சின்ன எழுத்தில் எழுதினேன். தலைமை சின்ன எழுத்தைத்தான் படித்தது. 'தேர்வில் ஒருமித்த முடிவு எட்டப்படாததால் கட்சியின் ஒற்றுமை கருதித் தலைமையே வேட்பாளரை அறிவிக்கும்' என்று பதில் வந்தது. அறிவித்த பெயர் இறால் பண்ணைக்காரரின் மைத்துனர். மேற்கே நெடுஞ்சாலைப் பக்கம் குடியிருந்தவர். ஏரியை லாரியிலிருந்து பார்த்திருப்பார்.

எதிர்த்து எதுவும் செய்ய முடியாது. கட்சிச் சின்னம் யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது ஓட்டுப் பானை இல்லை, பி படிவம். யார் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் என்று சொல்வது ஏ படிவம். எங்கள் வேட்பாளர் இவர்தான் என்று அவர் மையால் கையெழுத்துப் போட்டுத் தருவது பி படிவம். மனுத்தாக்கலின் கடைசி நாள் மூன்று மணிக்குள் அது யார் பெயரில் தேர்தல் அதிகாரி மேஜைக்குப் போகிறதோ அவர்தான் கட்சி. என் மூன்று பானையும் அந்த ஒரு தாளுக்கு முன்னால் வெறும் மண்.

அன்று விடியற்காலையே காசியம்மாவைத் தேடிப் போனேன். மனுத்தாக்கலின் கடைசி நாள் அது. அவள் தண்ணீரில் இருந்தாள். கரையில் நின்று உண்மையைச் சொன்னேன்: சட்டம் எதுவும் இல்லை, விதியில் உனக்கு ஓட்டு இருந்தது, பெரியவர்களுக்குப் பயந்தும் என் அறிக்கைக்கு ஆசைப்பட்டும் நான்தான் மறைத்தேன்.

அவள் தடவுவதை நிறுத்தவில்லை. "எத்தினி பேரு குத்தனாங்க நண்டுக்கு?"

"ரெண்டு."

"எங்காளுங்க வந்தது நூத்திப் பத்து."

நூற்றுப் பத்தும் இரண்டும் சேர்ந்தால் நூற்றுப் பன்னிரண்டு. மற்ற இருவருக்கும் தலா அறுபத்தாறு. கூட்டல் எனக்கும் தெரியும்.

"சுயேச்சையா நில்லும்மா. நானே முன்மொழியறேன்" என்றேன். அதுதான் பிராயச்சித்தம் என்று நினைத்தேன். அவள் கையில் இருந்த இறாலைப் பையில் போட்டுவிட்டுத் தண்ணீரிலிருந்து எழுந்தாள்.

வைப்புத்தொகையைத் திரட்டிக்கொண்டு தேர்தல் அதிகாரியின் மேஜைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. முன்மொழிபவர் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். அதிகாரி பட்டியலைப் புரட்டினார். ஒரு விரலால், வரி வரியாக.

"உங்க பேரு இல்லியே சார்."

கல்லூரி வேலைக்காக வீட்டைப் பொன்னேரிக்கு மாற்றியபோது ஓட்டும் என்னோடு வந்துவிட்டது. மூன்று வருஷமாக எனக்கு அந்த வார்டில் ஓட்டே இல்லை. ஓட்டில்லாத நான்தான் யாருக்கு ஓட்டு உண்டு என்று தீர்மானித்துக்கொண்டிருந்தேன். காசியம்மா என்னைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். அதிகாரியும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

நல்லவேளையாக வாசலில் மீன் கூடையோடு வேலாயுதத்தின் மனைவி தமிழ்ச்செல்வி நின்றிருந்தாள். புருஷனுக்கு இடம் கிடைக்காத ஆத்திரம் அவளுக்கு. "எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு. எம் பேரு இதுலயாச்சும் கீதா?" என்றாள். இருந்தது. இரண்டு ஐம்பதுக்கு மனு உள்ளே போனது.

காசியம்மா தோற்றாள். மூன்றாவது இடம். எங்கள் கட்சியும் தோற்றது. வேட்பாளரை எதிர்த்து வேலை செய்ததற்காக என்னை நீக்கினார்கள். வேலி எழும்பியது. அவர்கள் மூன்று மைல் சுற்றினார்கள். அந்த ஐந்து வருஷமும் நான் எந்த அறிக்கையும் எழுதவில்லை.

அதற்குள் எங்கள் தலைவர் காலமாகி, மகன் தலைவரானார். அந்தப் பொதுக்குழுவைப் பார்வையாளர் இருக்கையிலிருந்து பார்த்தேன். பெயரை முன்மொழிவதற்கு முன்பே எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள். 'ஏகமனதாக' என்று மறுநாள் செய்தி. ஆனாலும் புதுத் தலைவருக்கு ஏதாவது புதிதாகச் செய்து காட்ட ஆசை இருந்தது. பழைய பதினான்கு பக்க மனு எங்கோ கிடைத்திருக்கிறது. என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு, மறுபடி நடத்து என்றார்.

இந்த முறை நான் இரண்டு நிபந்தனை வைத்தேன். கையெழுத்துப் போட்ட பி படிவம், பெயர் எழுதும் இடம் காலியாக, முதலில் என் கைக்கு வர வேண்டும். இரண்டாவது, முழு வாக்காளர் பட்டியல். நான்கு ஊரில் மேஜை. குடிசை குடிசையாகப் போய், பெயர் விட்டுப்போன ஒவ்வொருவரையும் பட்டியல் திருத்தத்தின்போது சேர்த்தேன். காசியம்மாவின் ஆட்களில் முப்பது பேருக்கு மேல் அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லை. முதல் சுற்றில் பாதிக்கு மேல் யாரும் வாங்காவிட்டால் முதலிரண்டு பேருக்கு மறுசுற்று. சீட்டு கிடையாது.

போட்டியிட்டவர்கள் காசியம்மா, தமிழ்ச்செல்வி, உள்ளூர் நெல் விவசாயி முனிரத்தினம். ஆயிரத்துக்கு மேல் வந்தார்கள். பெண்கள்தான் அதிகம். முதல் சுற்றில் முனிரத்தினம் கழன்றார். மறுசுற்றில் எந்தப் பொய்யும் இல்லாமல், எந்தப் பெயரும் விட்டுப்போகாமல், தமிழ்ச்செல்வி ஜெயித்தாள். வலைக்குடும்பங்கள் அதிகம், கையால் தடவுகிற குடும்பங்கள் குறைவு. திறந்த தேர்வு என்றால் எண்ணிக்கை அதிகம் உள்ளவர்களுக்குத்தான் முதலில் திறக்கும். இதை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை.

பி படிவத்தில் தமிழ்ச்செல்வி பெயரை எழுதினேன். எழுதிவிட்டு நேரே காசியம்மாவிடம் போனேன். மறுபடியும் ஏமாற்றிவிட்டேன் என்று நினைப்பாளோ என்ற பயம்.

அவள் குடிசை வாசலில் நண்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். "அவகிட்ட ஓட்டு எண்ணி முடியறதுக்கு முன்னாலயே பேசிட்டேன்" என்றாள். "எங்காளுங்க ஓட்டு இல்லாம நெசத் தேர்தல்ல அவ ஜெயிக்க மாட்டா. அவளுக்கும் தெரியும். பாதைக்கு வழி உடறேன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டா."

நிஜத் தேர்தலில் தமிழ்ச்செல்வி ஜெயித்தாள்; சொன்ன சொல்லையும் காப்பாற்றினாள். வேலியில் ஒரு வாசல் வந்தது. அகலமில்லை, பக்கவாட்டாகத் திரும்பித்தான் நுழைய வேண்டும். ஆனால் பூட்டுக் கிடையாது.

அன்று அந்தக் குடிசை வாசலில் நான் கேட்டேன்: "என் மேல கோவம் போச்சாம்மா?"

"அதெல்லாம் போவாது" என்றாள், நண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்த தபா நான் தோத்தேன், வாத்யாரே. போன தபா நீ என்னத் தோக்கக்கூட உடல."

இதை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னது என் அடுத்த தவறு. இன்றைக்கும் பிள்ளைகள், மருமகள்கள், பேத்திகள் கூடிக் கேரம் ஆட உட்காரும்போது என்னைச் சேர்ப்பதில்லை. நான் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். "இன்னா வேணும்?" என்று என் மனைவி கேட்பாள். "என்னையும் தோற்க விடுங்கள்" என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். இதுவரை ஒரு ஆட்டத்தில்கூட அவர்கள் என்னை ஏமாற்றியதில்லை.